எத்தனை மோதலுக்கு ஒரு வினை?

1890-களில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் மாக்ஸ் போடன்ஸ்டைன் என்ற இளம் வேதியியலாளர் ஹைட்ரஜன் அயோடைடு வாயுவை ஆராயத் தொடங்கினார். வாயுவைக் கண்ணாடிக் குமிழில் அடைத்து, குமிழின் வாயை உருக்கி மூடி, ஒரே வெப்பநிலையில் குறித்த நேரம் வைத்திருப்பார். பிறகு குளிரவைத்து, உள்ளே எவ்வளவு வாயு ஹைட்ரஜனாகவும் அயோடினாகவும் பிரிந்திருக்கிறது என்று அளப்பார். இப்படி 283 டிகிரி செல்சியஸிலிருந்து 508 டிகிரி வரை பல வெப்பநிலைகளில் அளந்து அவர் வெளியிட்ட எண்கள் வேதியியல் பாடநூல்களில் இன்றும் இருக்கின்றன.

அந்த எண்களை வேக மாறிலி என்பார்கள். ஒரு லிட்டருக்கு ஒரு மோல் என்ற அளவில் வாயு இருந்தால் வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை அது சொல்கிறது. 283 டிகிரியில் அதன் மதிப்பு சுமார் 3.5 × 10⁻⁷. 508 டிகிரியிலோ சுமார் 4 × 10⁻². வெப்பநிலை 225 டிகிரி ஏறியதற்கு வேகம் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஏன் இவ்வளவு? அதைவிட முக்கியமான கேள்வி, தொடக்க வேகம் ஏன் சரியாக 3.5 × 10⁻⁷ ஆக இருக்க வேண்டும்? அதைவிட ஆயிரம் மடங்கு கூடியோ குறைந்தோ ஏன் இல்லை?

முதல் கேள்விக்கு 1889-லேயே ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் பதில் சொல்லியிருந்தார். வினை நடக்க மூலக்கூறுகளுக்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். அதன் பெயர் கிளர்வு ஆற்றல். வெப்பநிலை ஏறினால் அந்த ஆற்றலை எட்டும் மூலக்கூறுகளின் பங்கு மிக வேகமாகப் பெருகும். அவருடைய சமன்பாடு இது:

k = A e^(−Ea/RT)

இதில் k வேக மாறிலி, Ea கிளர்வு ஆற்றல். ஆற்றலை எட்டியவர்களின் பங்கை e-யின் அடுக்கு சொல்லிவிடுகிறது. மிஞ்சி நிற்பது A. பாடநூல்களில் இதற்கு அதிர்வெண் காரணி என்று பெயர். அர்ஹீனியஸின் சமன்பாட்டில் அது பரிசோதனையிலிருந்து பொருத்திக்கொள்ளும் ஓர் எண் மட்டுமே. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத்தான் இருபதாம் நூற்றாண்டில் இரண்டு கொள்கைகள் விடை தந்தன. மோதல் கொள்கைக்கும் இடைநிலைக் கொள்கைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த A-யைப் பற்றியதுதான் என்று பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

முதல் விடை: மோதல்களை எண்ணுங்கள்

1916-ல் ஜெர்மனியில் மாக்ஸ் டிரவுட்ஸும், 1918-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் லூயிஸும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் டிரவுட்ஸின் வேலை லூயிஸுக்குத் தெரியவில்லை. இருவரும் சொன்னது இதுதான். இரண்டு மூலக்கூறுகள் வினைபுரிய வேண்டுமானால் முதலில் அவை மோத வேண்டும். ஆகவே A என்பது மோதல்களின் எண்ணிக்கை.

அந்த எண்ணிக்கையைக் கணக்கிட முடியும். மூலக்கூறுகளைக் கெட்டியான உருண்டைகளாக வைத்துக்கொள்ளலாம். அவற்றின் விட்டம் வாயுவின் பாகுத்தன்மையை அளந்தால் தெரியும். ஹைட்ரஜன் அயோடைடுக்கு அது சுமார் 3.5 ஆங்ஸ்ட்ராம். 283 டிகிரியில் இரு மூலக்கூறுகளின் சராசரி ஒப்புவேகம் விநாடிக்குச் சுமார் 430 மீட்டர். வாயு வளிமண்டல அழுத்தத்தில் இருந்தால், இந்த விட்டமும் வேகமும் சேர்ந்து ஒரு மூலக்கூறு விநாடிக்கு ஏறத்தாழ 200 கோடி முறை மோதுகிறது என்று காட்டுகின்றன.

ஒவ்வொரு மோதலும் வினையாகிவிட்டால் குமிழிலுள்ள வாயு முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்திற்கு வெகு முன்பே பிரிந்துவிடும். ஆனால் இவ்வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 184 கிலோஜூல். அந்த வெப்பநிலையில் அவ்வளவு ஆற்றலோடு நடக்கும் மோதல் 2 × 10¹⁷-இல் ஒன்றுதான். விநாடிக்கு 200 கோடி மோதல் என்ற கணக்கில் பார்த்தால் ஒரு மூலக்கூறு வெற்றிகரமான ஒரு மோதலுக்குச் சராசரியாகச் சுமார் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குமிழில் மூலக்கூறுகள் எண்ணிலடங்காதவை என்பதால்தான் வினை நம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் நடக்கிறது.

மோதல் எண்ணிக்கையையும் அந்தப் பங்கையும் பெருக்கினால் வேக மாறிலி கிடைக்கும். லூயிஸ் பெருக்கிப் பார்த்தார். வந்த விடை 3.5 × 10⁻⁷. போடன்ஸ்டைனின் அளவீட்டோடு அது ஒட்டி நின்றது. கொள்கையின் மிகப் பெரிய வெற்றி இது.

இதே கணக்கு இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. 283 டிகிரியிலிருந்து 508 டிகிரிக்குப் போனால் மூலக்கூறுகளின் வேகம் சுமார் 18 விழுக்காடுதான் கூடும். சூடாக்கினால் மோதல்கள் பெருகுவதால் வினை விரைகிறது என்று பல மாணவர்கள் எழுதுவது இதனால்தான் தவறு. லட்சம் மடங்கு ஏற்றத்தில் மோதல்களின் பெருக்கத்துக்கு உரிய பங்கு மிகச் சொற்பம். ஏறக்குறைய அனைத்தும் ஆற்றலை எட்டும் மோதல்களின் பங்கு கூடியதால் வந்தது.

கணக்கு ஒட்டாத இடம்

இனி வேறொரு வினையைப் பார்ப்போம். பியூட்டாடையீன் என்பது நான்கு கார்பன்கள் வரிசையாக நிற்கும் மூலக்கூறு. எத்திலீனில் இரண்டு கார்பன்கள். இவ்விரண்டும் சேர்ந்து ஆறு கார்பன் கொண்ட வளையமான சைக்ளோஹெக்சீன் ஆகின்றன. ஓட்டோ டீல்ஸும் கர்ட் ஆல்டரும் 1928-ல் விளக்கி, 1950-ல் நோபல் பரிசு பெற்ற வினைவகையின் மிக எளிய வடிவம் இது. வாயு நிலையில் ஏறத்தாழ 500 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை இதன் வேகத்தை அளந்திருக்கிறார்கள். கிளர்வு ஆற்றல் மோலுக்குச் சுமார் 115 கிலோஜூல்.

800 கெல்வினில், அதாவது 527 டிகிரியில், மோதல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூலக்கூறுகளின் அளவையும் வேகத்தையும் வைத்து வரும் A சுமார் 4 × 10¹¹. தேவையான ஆற்றல் கொண்ட மோதல்களின் பங்கு சுமார் மூன்று கோடியில் ஒன்று. பெருக்கினால் வேக மாறிலி ஏறத்தாழ 12,000 என்று வருகிறது. ஆனால் பரிசோதனையில் கிடைப்பது சுமார் 1. கணக்கு பத்தாயிரம் மடங்குக்கு மேல் பிசகுகிறது.

பிசகு கிளர்வு ஆற்றலில் இல்லை. அது அளவீட்டிலிருந்தே எடுத்த எண். பிசகு A-யில் இருக்கிறது. அளவீடு தரும் A சுமார் 3 × 10⁷ மட்டுமே. போதிய ஆற்றலோடு மோதியவற்றிலும் பத்தாயிரத்தில் ஒன்றுதான் வளையமாகிறது என்று இதற்குப் பொருள்.

ஏன் என்பதை ஊகிப்பது கடினமில்லை. எத்திலீனின் இரு முனைகளும் பியூட்டாடையீனின் இரு முனைகளையும் ஒரே சமயத்தில் தொட வேண்டும். அதற்குப் பியூட்டாடையீன் இரு முனைகளும் ஒரே பக்கம் பார்க்க வளைந்திருக்க வேண்டும். அதுவோ பெரும்பாலும் முனைகள் எதிரெதிர்ப் பக்கம் நீண்ட வடிவத்தில்தான் இருக்கும். எத்திலீன் மேலிருந்தோ கீழிருந்தோ சரியான திசையில் வந்து படிய வேண்டும். பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக இடித்தாலும் பயனில்லை. கெட்டி உருண்டைக்கு முகமும் முதுகும் கிடையாது. அதனால் உருண்டைகளை வைத்துப் போட்ட கணக்கில் இவற்றில் எதுவுமே இடம்பெறாது.

இந்தக் குறையை நிரப்ப மோதல் கொள்கையில் P என்ற இன்னொரு எண்ணைச் சேர்த்தார்கள். வடிவக் காரணி என்று சொல்லலாம். நம் வினைக்கு P ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்று. எத்திலீனோடு ஹைட்ரஜன் சேர்ந்து ஈத்தேன் ஆகும் வினைக்கு அது பத்து லட்சத்தில் இரண்டுக்கும் குறைவு. ஆனால் இந்த P-யை முன்கூட்டிக் கணக்கிடக் கொள்கையில் வழியே இல்லை. பரிசோதனை செய்து, கணக்கோடு ஒப்பிட்டு, இடைவெளிக்கு வைத்த பெயர்தான் P. ஆகவே அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

ஹைட்ரஜன் அயோடைடில் கிடைத்த வெற்றியையும் இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே எண் பொருந்தியது உண்மை. ஆனால் இரு மூலக்கூறுகள் மோதும் அந்தக் கணத்தில் நான்கு அணுக்களும் எப்படி நின்றன என்று அந்தக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. அவை சதுரமாக நின்றாலும் ஒரே கோட்டில் நின்றாலும் மோதல் எண்ணிக்கை மாறப்போவதில்லை. இதன் எதிர்வினையான ஹைட்ரஜன், அயோடின் சேர்க்கையை 1967-ல் ஜே. எச். சல்லிவன் ஒளியைப் பாய்ச்சி ஆராய்ந்தபோது, தனித்த அயோடின் அணுக்கள் அதில் பங்கெடுப்பதற்கான சான்று கிடைத்தது. இரு மூலக்கூறுகள் நேராக மோதி நான்கு அணுக்கள் இடம் மாறிக்கொள்கின்றன என்று நெடுங்காலம் பாடநூல்கள் வரைந்த படம் அதோடு கேள்விக்குள்ளானது. எண் பொருந்தினாலும் வினையின் வழி உறுதியாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இரண்டாவது விடை: கணவாயைப் பாருங்கள்

1931-ல் பெர்லினில் ஹென்றி ஐரிங் என்ற அமெரிக்கரும் மைக்கேல் பொலானியும் சேர்ந்து ஒரு வரைபடம் உருவாக்கினார்கள். ஒரு ஹைட்ரஜன் அணு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறை நெருங்கி, அதிலிருந்து ஓர் அணுவைப் பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் வினைக்கான வரைபடம் அது. அணுக்களுக்கு இடையிலான ஒவ்வொரு தூரத்துக்கும் மொத்த ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிட்டு வரைந்ததும், மலைநாட்டின் நிலப்படம் போன்ற ஒன்று கிடைத்தது. ஒரு பள்ளத்தாக்கில் வினைபடு பொருள்கள், மறு பள்ளத்தாக்கில் விளைபொருள்கள், நடுவே ஒரு கணவாய். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்கு ஆற்றல் குறைந்த வழி அந்தக் கணவாய்தான். அதன் உச்சியில் அணுக்கள் நிற்கும் அமைப்பே இடைநிலை. பழைய பிணைப்பு பாதி அறுந்து, புதிய பிணைப்பு பாதி உருவான நிலை அது. கிளர்வுற்ற அணைவு என்றும் அதைச் சொல்வதுண்டு.

1935-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த ஐரிங்கும், அதற்குள் மான்செஸ்டருக்குப் போய்விட்ட பொலானியும் அவருடைய சக ஆய்வாளர் மெரிடித் எவன்ஸும், இந்தப் படத்திலிருந்து வேக மாறிலியைப் பெறும் வழியைத் தனித்தனியாக வெளியிட்டார்கள். அடிப்படைக் கருத்து எளியது. மோதல்களை எண்ண வேண்டாம். எந்தக் கணத்திலும் கணவாய் உச்சியில் எத்தனை அமைப்புகள் நிற்கின்றன என்று கேளுங்கள். அவை எவ்வளவு விரைவாக மறுபுறம் இறங்குகின்றன என்று கேளுங்கள். இரண்டையும் பெருக்கினால் வேகம் வந்துவிடும்.

இறங்கும் விரைவுக்கு ஐரிங் பெற்ற எண் வியப்பானது. அது kT/h. போல்ட்ஸ்மான் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, பிளாங்க் மாறிலியால் வகுத்தால் வருவது. இதில் எந்த மூலக்கூறின் பெயரும் இல்லை. 800 கெல்வினில் அது விநாடிக்குச் சுமார் 1.7 × 10¹³. எல்லா வினைக்கும் அந்த வெப்பநிலையில் அதே எண்தான். வினைக்கு வினை வேகம் மாறுவதெல்லாம் கணவாய் உச்சியில் நிற்பவற்றின் எண்ணிக்கையால் வருகிறது.

அந்த எண்ணிக்கையை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று கணவாயின் உயரம். அது கிளர்வு ஆற்றலோடு தொடர்புடையது. மற்றது கணவாயின் அகலம். உச்சி அகலமாக இருந்தால் அணுக்கள் பல விதமாக நின்று அதைக் கடக்கலாம். குறுகலாக இருந்தால் ஒரே ஒரு ஒழுங்கில் நெருங்கி நின்றால்தான் கடக்க முடியும். இந்த அகலத்தை அளக்கும் கருவிதான் கிளர்வு என்ட்ரோபி. என்ட்ரோபி என்பது ஓர் அமைப்பு எத்தனை விதமாக இருக்க முடியும் என்பதன் கணக்கு. மோதல் கொள்கைக்குக் கணவாயின் உயரம் மட்டுமே தெரியும். இடைநிலைக் கொள்கை அகலத்தையும் சேர்த்துக் கேட்கிறது.

அதே வினை, புதிய கணக்கு

பியூட்டாடையீனுக்கே திரும்புவோம். அளவீட்டில் கிடைத்த A-யை ஐரிங்கின் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால் கிளர்வு என்ட்ரோபி மோலுக்கு, கெல்வினுக்குச் சுமார் −160 ஜூல் என்று வருகிறது. குறைக்குறிக்குப் பொருள், இரு மூலக்கூறுகள் தனித்தனியாக அலைந்தபோது இருந்த சுதந்திரத்தை இடைநிலைக்கு வருவதற்குள் இழந்துவிட்டன என்பது.

எவ்வளவு இழந்தன என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியிருக்கிறது. இரண்டும் முழுமையாக இணைந்து சைக்ளோஹெக்சீன் ஆகும்போது மொத்த என்ட்ரோபி இழப்பு, வெப்ப அட்டவணைகளின்படி அறை வெப்பநிலையில் சுமார் −187. வெப்பநிலைகள் வேறு என்றாலும் இந்த எண் பெரிதாக மாறாது. அப்படியானால் வளையம் உருவாவதில் இழக்க வேண்டிய சுதந்திரத்தில் பெரும்பகுதி கணவாய் உச்சியிலேயே போய்விட்டது. இடைநிலை என்பது ஏறக்குறைய மூடிய வளையம்தான். இரு முனைகளிலும் ஒருசேரப் பிணைப்பு உருவாகிறது என்ற கருத்துக்கு இது ஆதரவாக நிற்கிறது. ஒரு முனை மட்டும் பிடித்து மறுமுனை ஆடிக்கொண்டிருந்தால் இழப்பு இவ்வளவு இருக்காது. மோதல் கொள்கையில் பெயரளவில் நின்ற P, இந்தக் கொள்கையில் இடைநிலையின் வடிவத்தையே சொல்லும் செய்தியாகிவிட்டது.

இந்தச் சிறுமையை முன்கூட்டியே மதிப்பிடவும் முடியும். இரு மூலக்கூறுகள் தனித்தனியே இருக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். சேர்ந்து ஒரே அணைவாகிவிட்டால் மூன்று நகர்வும் மூன்று சுழற்சியும்தான் மிஞ்சும். மற்ற ஆறில் ஒன்று கணவாயைக் கடக்கும் இயக்கமாகிறது. மீதி ஐந்தும் விறைப்பான அதிர்வுகளாகச் சுருங்குகின்றன. கட்டமைப்பில்லாத இரண்டு அணுக்கள் சேருவதோடு இதை ஒப்பிட்டால் ஐந்து சுழற்சிகள் ஐந்து அதிர்வுகளாக மாறியதற்குச் சமமான இழப்பு. ஒவ்வொரு மாற்றமும் வேகத்தை ஏறத்தாழப் பத்திலொன்றாகக் குறைக்கும் என்று தோராயமாக வைத்தால் ஐந்தும் சேர்ந்து லட்சத்தில் ஒன்று. உண்மையில் கண்டது பத்தாயிரத்தில் ஒன்று. கையால் போட்ட தோராயக் கணக்குக்கு இது மிக நெருக்கம்.

இரண்டு அணுக்கள் என்று எடுத்துக்கொண்டால் என்னவாகும்? உள்ளே சுழற்சியோ அதிர்வோ இல்லாத இரண்டு உருண்டைகளுக்கு ஐரிங்கின் சமன்பாட்டைப் பயன்படுத்தினால் kT/h-இல் உள்ள பிளாங்க் மாறிலி அடிபட்டுப்போய், டிரவுட்ஸும் லூயிஸும் எழுதிய அதே மோதல் சமன்பாடு வந்து நிற்கிறது. ஆகவே மோதல் கொள்கையைத் தவறு என்று ஒதுக்குவது பொருந்தாது. மூலக்கூறுகளுக்கு வடிவமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இடைநிலைக் கொள்கை சுருங்கி நிற்கும் எளிய வடிவம் அது. ஹைட்ரஜன் அயோடைடு போன்ற சிறிய மூலக்கூறில் அது நன்றாகப் பொருந்தி, பெரிய மூலக்கூறுகளில் ஆயிரக்கணக்கான மடங்கு பிசகுவதற்குக் காரணமும் இதுதான்.

இடைநிலைக் கொள்கையும் எங்கே இடறும்?

ஐரிங்கின் கணக்கு ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. உச்சியை ஒருமுறை தாண்டியது திரும்பி வராது என்பதே அது. உண்மையில் சில அமைப்புகள் தாண்டியபின் மீண்டும் இந்தப் பக்கமே வந்துவிடும். அப்போது கணக்கு உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். கரைசலில் இது அதிகம் நடக்கலாம். சுற்றியுள்ள கரைப்பான் மூலக்கூறுகள் இடித்து இடித்து, தாண்டியதைத் திருப்பி அனுப்பிவிடும். 1940-ல் நெதர்லாந்தின் ஹென்ட்ரிக் கிராமர்ஸ் இந்த உராய்வைக் கணக்கில் கொண்டுவந்தார்.

எதிர்த்திசையிலும் ஒரு பிசகு உண்டு. ஹைட்ரஜன் மிக இலேசான அணு என்பதால் கணவாய் உச்சிக்கு ஏறாமலே, குவாண்டம் விதிப்படி தடையை ஊடுருவி மறுபுறம் போய்விடும். குளிர்ந்த வெப்பநிலையில் இது தெளிவாகத் தெரியும். அளந்த வேகம் கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும். அர்ஹீனியஸ் வரைபடம் நேர்க்கோடாக இல்லாமல் வளையும். ஹைட்ரஜனுக்குப் பதிலாக இரட்டிப்பு எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்து அளந்தால் வேகம் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறையும். ஊடுருவல் நடக்கிறதா என்று ஆய்வகத்தில் கண்டுகொள்ள இவையே முக்கிய அடையாளங்கள்.

எண்களைக் கையாளும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. வாயுவின் திட்டநிலையை ஒரு வளிமண்டல அழுத்தம் என்று எடுத்தால் மேலே சொன்ன கிளர்வு என்ட்ரோபி −160. லிட்டருக்கு ஒரு மோல் என்று எடுத்தால் அதே அளவீட்டிலிருந்து சுமார் −126 வரும். இரண்டும் சரி. ஆனால் ஒரு நூலில் ஒன்றையும் இன்னொரு நூலில் மற்றதையும் எடுத்து ஒப்பிட்டால் இல்லாத வேறுபாடு இருப்பதுபோல் தோன்றும். கிளர்வு என்ட்ரோபியை எழுதும் எவரும் திட்டநிலையை உடன் எழுதுவது கட்டாயம்.

கரைசலுக்கு வந்தால் இரண்டு கொள்கைகளின் இடைவெளி இன்னும் விரிகிறது. திரவத்தில் இரு மூலக்கூறுகள் சந்தித்தால் கரைப்பான் அவற்றைச் சிறிது நேரம் ஒன்றாக அடைத்துவைக்கும். அதற்குள் அவை பலமுறை உரசிக்கொள்ளும். எதை ஒரு மோதல் என்று எண்ணுவது? எவன்ஸும் பொலானியும் தங்கள் 1935 கட்டுரையிலேயே கரைசல் வினைகளை எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். இடைநிலையைக் கரைப்பான் எவ்வளவு தாங்கிப் பிடிக்கிறது என்று அவர்களால் கேட்க முடிந்தது. நொதிகள் வினையை விரைவுபடுத்துவது இடைநிலையை இறுகப் பற்றுவதால்தான் என்று இன்று உயிர்வேதியியல் சொல்வதும் இதே கேள்வியின் தொடர்ச்சி.

ஆகவே ஒரு வினையின் வேகத்தைப் பல வெப்பநிலைகளில் அளந்து கோடு போடும் மாணவர் அந்தக் கோட்டில் இரண்டு விஷயங்களைப் படிக்க வேண்டும். சரிவு கணவாயின் உயரத்தைச் சொல்லும். அதை மட்டும் எழுதி நிறுத்திவிடுவது பெரும்பாலோரின் வழக்கம். வெட்டுத்துண்டு A-யைத் தரும். அதை மோதல் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் நெருங்கினால் அந்த வினையில் மூலக்கூறுகளின் வடிவம் பெரிய தடையாக இல்லை. அதற்கு மோதல் கொள்கையே போதும். பல ஆயிரம் மடங்கு குறைந்தால் வினையின் நடுவே ஓர் இறுக்கமான அமைப்பு இருக்கிறது. அது எப்படிப்பட்டது என்று கேட்க இடைநிலைக் கொள்கை வேண்டும்.